இணைப்புத்தண்டு எதைச் சுற்றிச் சுழல்கிறது? கணச் சுழல்மைய முறையும் அதன் மாற்றுகளும்

கேள்வி எழும் இடம்

திண்டுக்கல் சமவெளியின் கிணற்றடிகளில் மின்மோட்டார்கள் பரவுவதற்கு முன் தண்ணீர் இறைத்த ஆயில் என்ஜின்களிலும், பஞ்சர் கடைகளில் இன்றும் காற்றடிக்கும் கம்ப்ரெசர்களிலும், சாலையில் ஓடும் ஒவ்வொரு பெட்ரோல் மோட்டார் சைக்கிளிலும் அடிப்படையில் ஒரே இயங்கமைப்புதான் உள்ளது. அதன் ஒரு முனையில் வட்டமிடும் கிராங்க்கும், மறுமுனையில் சிலிண்டருக்குள் நேர்கோட்டில் ஓடித் திரும்பும் பிஸ்டனும், இரண்டையும் கோக்கும் இணைப்புத்தண்டும் இருக்கின்றன. கிராங்க்கின் இயக்கம் வெறும் சுழற்சி என்பதிலோ பிஸ்டனின் இயக்கம் வெறும் நேர்கோட்டு நகர்வு என்பதிலோ எவருக்கும் ஐயம் இல்லை. ஆனால் ஒரு முனை வட்டத்திலும் மறுமுனை நேர்கோட்டிலும் செல்லும் இணைப்புத்தண்டு என்ன வகை இயக்கத்தைச் செய்கிறது, அதன் மேலுள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு குறிப்பிட்ட கணத்தில் எந்தத் திசையில் எவ்வளவு வேகத்துடன் செல்கிறது என்ற கேள்விக்கு மூன்று வெவ்வேறு மரபுகள் மூன்று வகையாக விடை தந்திருக்கின்றன.

அவற்றுள் கணச் சுழல்மைய முறை, தண்டு அந்தக் கணத்தில் ஏதோ ஒரு புள்ளியைச் சுற்றிச் சுழல்வதாகக் கொண்டு அந்தப் புள்ளியைத் தேடுகிறது. சார்புத் திசைவேக முறை, இரு முனைகளின் திசைவேகங்களுக்கு இடையிலான வேறுபாட்டைத் தனியொரு படமாக வரைகிறது. பகுப்பாய்வு முறையோ படத்தை விட்டுவிட்டு, பிஸ்டனின் இடத்தைச் சமன்பாடாக எழுதி வகைக்கெழு காண்கிறது. தமிழகப் பொறியியல் மாணவர்கள் பரவலாகப் பயிலும் குர்மி–குப்தா பாடநூல் முதல் இரு முறைகளையும் அடுத்தடுத்த தனி அத்தியாயங்களில் வைத்திருப்பதால், அவை ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு உத்திகள் என்ற எண்ணம் மாணவரிடையே வேரூன்றுவது இயல்பு. அந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி என்பதை ஒரே என்ஜினின் அளவுகளைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

கருத்து உருவான வழி

ஓர் உருவம் ஒரு கணத்துக்கு மட்டும் ஒரு புள்ளியைச் சுற்றிச் சுழல்வதாகக் கருதும் எண்ணம் இயந்திரங்களிலிருந்து பிறக்கவில்லை. தரையில் உருளும் சக்கரத்தின் விளிம்பிலுள்ள ஒரு புள்ளி வரையும் வளைவுக்குத் தொடுகோடு காண்பது எப்படி என்ற வடிவியல் சிக்கலை 1638இல் ஆராய்ந்த தெகார்த், சக்கரம் அந்தக் கணத்தில் தரையைத் தொடும் புள்ளியைச் சுற்றியே சுழல்வதாகக் கொண்டு விடை கண்டார். தரையைத் தொடும் அந்தப் புள்ளி அக்கணத்தில் அசைவற்று இருப்பதே அவரது வாதத்தின் அடிப்படை. 1742இல் வெளிவந்த தமது தொகுப்பு நூலில் யோகான் பெர்னூலி இதைப் பொதுவான வடிவில் சொன்னார். ஒரு தளத்தில் நகரும் எந்தத் திடப்பொருளுக்கும், அது வெறுமனே இடம்பெயராத வரை, அந்தக் கணத்தில் திசைவேகம் சுழியாக இருக்கும் புள்ளி ஒன்று உண்டு என்பது அதன் சாரம். அந்தப் புள்ளி பொருளின் உடலுக்கு வெளியே வெட்டவெளியில் விழலாம் என்பது, முதன்முறை படிப்பவருக்கு இன்றும் சற்று வியப்பளிக்கும் செய்தியாகும்.

வடிவியலில் பிறந்த இக்கருத்தை இயந்திரத்துக்குள் கொண்டுவந்தவர்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவர்கள். இயந்திரம் என்பது ஒன்றோடொன்று கோத்த கண்ணிகளின் சங்கிலி என்ற பார்வையை ஜெர்மானியரான ரூலோ 1875இல் வெளியிட்ட நூல் நிலைநாட்டியது. அதை மறு ஆண்டே ஆங்கிலத்தில் பெயர்த்த அலெக்சாண்டர் கென்னடி 1886இல் தமது சொந்த நூலில், மூன்று உறுப்புகள் ஒன்றுக்கொன்று சார்பாக நகரும்போது அவற்றுக்கிடையேயான மூன்று சுழல்மையங்களும் ஒரே நேர்கோட்டில் அமையும் என்ற தேற்றத்தைப் பயன்படுத்தினார். 1872இலேயே அரோன்ஹோல்டு இதைக் கண்டறிந்திருந்ததால், தேற்றம் இப்போது இருவர் பெயரையும் சேர்த்தே வழங்குகிறது.

தேற்றத்தின் காரணம் எளியது. முதல் உறுப்பு அசையாத சட்டம் என்று கொண்டால், இரண்டாம், மூன்றாம் உறுப்புகளுக்குப் பொதுவான மையம் இரண்டின் மீதும் ஒரே திசைவேகம் கொண்ட புள்ளியாக இருக்க வேண்டும். இரண்டாம் உறுப்பின் புள்ளி என்ற வகையில் அது அவ்வுறுப்பின் மையத்திலிருந்து வரும் ஆரத்துக்குச் செங்குத்தாகவும், மூன்றாம் உறுப்பின் புள்ளி என்ற வகையில் மற்ற மையத்திலிருந்து வரும் ஆரத்துக்குச் செங்குத்தாகவும் நகர்ந்தாக வேண்டும். ஒரே புள்ளி ஒரே நேரத்தில் இரு திசைகளில் செல்ல இயலாது என்பதால், அவ்விரு ஆரங்களும் ஒரே கோட்டில் கிடந்தாலொழிய இந்த இரு நிபந்தனைகளும் ஒருங்கே நிறைவேறா.

ஆறு மையங்கள், பாடம் பயன்படுத்துவது ஒன்று

பிஸ்டன் இயங்கமைப்பில் நான்கு உறுப்புகள் உள்ளன: அசையாத உடற்சட்டம் 1, கிராங்க் 2, இணைப்புத்தண்டு 3, பிஸ்டன் 4 என்று எண்ணிடுவது வழக்கம். இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஆறு இணைகள் கிடைப்பதால் ஆறு சுழல்மையங்கள் உண்டு. அவற்றுள் மூன்று, கண்ணால் காணக்கூடிய மூட்டுகளிலேயே இருக்கின்றன. கிராங்க் ஷாஃப்டின் அச்சு O என்பது சட்டத்துக்கும் கிராங்க்குக்கும் பொதுவான மையம். கிராங்க் பின் A என்பது கிராங்க்குக்கும் தண்டுக்கும் பொதுவானது. பிஸ்டன் பின் B என்பது தண்டுக்கும் பிஸ்டனுக்கும் பொதுவானது. பிஸ்டன் சட்டத்துக்குச் சார்பாக நேர்கோட்டில் மட்டுமே நகர்வதால், நேர்கோட்டை முடிவற்ற ஆரமுள்ள வட்டமாகக் கொண்டு, அவ்விரண்டின் மையம் ஓட்டக்கோட்டுக்குச் செங்குத்தான திசையில் முடிவிலியில் இருப்பதாகச் சொல்லப்படுகிறது.

எஞ்சிய இரண்டையும் கென்னடி தேற்றம் தருகிறது. சட்டத்துக்கும் இணைப்புத்தண்டுக்கும் உரிய மையம், I₁₃, கிராங்க்கின் கோட்டை நீட்டி, B-யில் ஓட்டக்கோட்டுக்குச் செங்குத்தாக எழுப்பிய கோட்டை அது வெட்டும் இடத்தில் விழுகிறது. கிராங்க்குக்கும் பிஸ்டனுக்கும் உரிய மையம், I₂₄, இணைப்புத்தண்டின் கோடு O-வில் ஓட்டக்கோட்டுக்குச் செங்குத்தாக எழுப்பிய கோட்டை வெட்டும் இடத்தில் விழுகிறது. வகுப்பறைகளில் இம்முறை என்று பெயர்பெற்றிருப்பது பெரும்பாலும் I₁₃ஐக் கொண்டு செய்யும் கணக்கு மட்டுமே. I₂₄ பட்டியலை நிறைவு செய்வதற்காகக் குறிக்கப்பட்டு, பின்னர் மறக்கப்படுவதே மிகுதி.

ஒரு நிலை, முழுக் கணக்காக

தமிழகப் பொறியியல் கல்லூரிகளின் வெப்பப் பொறி ஆய்வகங்களில் பரவலாகக் காணப்படும் கிர்லோஸ்கர் டிவி1 வகை ஒற்றைச் சிலிண்டர் டீசல் என்ஜினை எடுத்துக்கொள்வது வசதியானது. அதன் அளவுகள் ஆய்வுக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப அச்சிடப்பட்டவை. ஓட்ட நீளம் 110 மி.மீ. என்பதால் கிராங்க்கின் ஆரம் அதில் பாதியான 55 மி.மீ.; இணைப்புத்தண்டின் நீளம் 234 மி.மீ.; சுழல்வேகம் நிமிடத்துக்கு 1500 சுற்று. அதாவது கிராங்க்கின் கோணத் திசைவேகம் விநாடிக்கு 157.08 ரேடியன். கோணத் திசைவேகத்தை ஆரத்தால் பெருக்கினால் கிராங்க் பின் A-யின் திசைவேகம் விநாடிக்கு 8.639 மீட்டர் என்று கிடைக்கிறது. என்ஜினில் சிலிண்டர் நிமிர்ந்து நிற்கிறது. படத்தில் அதைப் படுக்கையாகக் கிடத்தி, O-வை இடப்பக்கமும் பிஸ்டனை வலப்பக்கமும் வைப்பது வரைதலுக்கு எளிது.

பிஸ்டன் தன் மேல் முடிவுநிலையிலிருந்து, அதாவது O-வுக்கு மிக விலகிய இடத்திலிருந்து புறப்பட்டு, கிராங்க் 45 டிகிரி திரும்பிய கணத்தை எடுத்துக்கொள்ளலாம். A ஓட்டக்கோட்டுக்கு மேலே 38.89 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. தண்டு ஓட்டக்கோட்டோடு 9.57 டிகிரி சாய்ந்திருக்கிறது. O-விலிருந்து B-யின் தொலைவு 269.64 மி.மீ. B-யில் செங்குத்தை எழுப்பி, OA கோட்டை மேல்நோக்கி நீட்டினால், 45 டிகிரி சாய்வின் காரணமாக இரண்டும் B-க்கு மேலே அதே 269.64 மி.மீ. உயரத்தில் சந்திக்கின்றன. அதுவே I₁₃. O-விலிருந்து அதன் தொலைவு 381.32 மி.மீ. ஆதலால், A-யிலிருந்து அதன் தொலைவு 55ஐக் கழித்து 326.32 மி.மீ.

தண்டு இக்கணத்தில் இந்த வெற்றுப் புள்ளியைச் சுற்றிச் சுழல்வதாகக் கொள்வதால், A-யின் திசைவேகத்தை இந்தத் தொலைவால் வகுத்தால் தண்டின் கோணத் திசைவேகம் விநாடிக்கு 26.48 ரேடியன் என்று வருகிறது. இது கிராங்க்கின் சுழற்சியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. அதை 269.64 மி.மீ. தொலைவால் பெருக்கினால் பிஸ்டனின் திசைவேகம் விநாடிக்கு 7.14 மீட்டர். தண்டின் நடுவில் வேறு எந்தப் புள்ளிக்கும் இதே வழிதான். A-யிலிருந்து மூன்றில் ஒரு பங்கு நீளத்தில் உள்ள புள்ளிக்கு I₁₃-யிலிருந்து தொலைவு 288.2 மி.மீ.; எனவே அதன் திசைவேகம் விநாடிக்கு 7.63 மீட்டர், திசை, அந்தத் தொலைவுக்கோட்டுக்குச் செங்குத்து.

இந்த இடத்தில் அடிக்கடி நேரும் ஒரு பிழையையும் அதைக் கண்டுபிடிக்கும் வழியையும் குறிப்பிட வேண்டும். I₁₃-யிலிருந்து கிராங்க் பின் வரை அளக்க வேண்டிய தொலைவை O வரை அளந்துவிடுவது அது. இரண்டும் ஒரே கோட்டில் கிடப்பதால் அளவுகோலை நகர்த்தாமல் படித்துவிடுகிறார்கள். அப்போது 326.32க்குப் பதில் 381.32 வகுத்தியாகி, பிஸ்டனின் திசைவேகம் 6.11 என்று குறைந்து வருகிறது. எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் இது தவறென்று தோன்றாது. ஆனால் தண்டு நீளவோ குறுகவோ செய்யாத திடப்பொருள் என்பதால், அதன் இரு முனைகளின் திசைவேகங்களும் தண்டின் நீளவாக்கில் ஒரே கூறு கொண்டிருக்க வேண்டும். A-யின் 8.639 மீட்டரில் தண்டின் திசையில் விழும் பங்கு 7.04. பிஸ்டனின் சரியான 7.14ஐத் தண்டின் சாய்வுக்கேற்பக் குறைத்தாலும் அதே 7.04 கிடைக்கிறது. பிழையான 6.11ஐக் குறைத்தால் கிடைப்பதோ 6.02. அந்த விடை உண்மையானால் தண்டு ஒவ்வொரு விநாடிக்கும் ஒரு மீட்டர் வீதத்தில் நீண்டுகொண்டிருக்க வேண்டும். ஒரே வரியில் முடியும் இச்சோதனை பாடநூல்களில் பெறவேண்டிய இடத்தைப் பெறவில்லை.

மையம் தாளை விட்டு ஓடும்போது

இம்முறைக்கு எதிராகக் கூறப்படும் முதன்மையான குறை, கிராங்க் 90 டிகிரியை நெருங்கும்போது I₁₃ கைக்கு எட்டாத தொலைவுக்குப் போய்விடுகிறது என்பது. குறை உண்மையானதே. மேற்கண்ட என்ஜினை முழு அளவில் வரைந்தால், 75 டிகிரியில் மையம் ஓட்டக்கோட்டுக்கு மேலே 904 மி.மீ. உயரத்தில் இருக்கிறது, 594 மி.மீ. நீளமுள்ள ஏ2 தாள் அதற்குப் போதாது. 85 டிகிரியில் உயரம் 2.66 மீட்டர், வகுப்பறைச் சுவரில் வரைந்தாலும் கூரையை எட்டும் அளவு. சரியாக 90 டிகிரியில் கிராங்க்கின் கோடும் B-யின் செங்குத்தும் இணைகோடுகளாகி, மையம் முடிவிலிக்குப் போய்விடுகிறது.

எனினும் இங்கே இரண்டு செய்திகளைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. மையம் முடிவிலிக்குப் போவது முறையின் பழுதாகத் தோன்றினாலும், அந்தக் கணத்தில் தண்டு உண்மையிலேயே சுழலாமல் வெறுமனே இடம்பெயர்கிறது, அதன் எல்லாப் புள்ளிகளும் கிராங்க் பின்னின் 8.639 மீட்டர் வேகத்திலேயே ஒரே திசையில் செல்கின்றன என்ற உண்மையையே அது தெரிவிக்கிறது. இரண்டாவது, அருகிலுள்ள கோணங்களில் தண்டின் கோணத் திசைவேகத்தில் தென்படும் நடுக்கம். கோணமானியில் அரை டிகிரி தவறி 85க்குப் பதில் 85.5 என்று வரைந்தால், தண்டின் கோணத் திசைவேகம் 3.31இலிருந்து ஏறக்குறைய 2.98ஆகக் குறைகிறது, அதாவது பத்தில் ஒரு பங்கு பிழை. இதை வரைபட முறையின் குற்றமாகக் கொள்வது முழுதும் பொருந்தாது. அந்த அளவு அங்கே சுழியை நோக்கி விரைந்து குறைந்துகொண்டிருப்பதால், அதே அரை டிகிரிப் பிழையைச் சமன்பாட்டில் இட்டாலும் அதே பத்தில் ஒரு பங்கு மாறத்தான் செய்யும். பிஸ்டனின் திசைவேகமோ I₁₃-யிலிருந்து இரு தொலைவுகளின் விகிதத்தை மட்டுமே சார்ந்திருப்பதால், மையம் எங்கோ ஓடினாலும் ஏறத்தாழ அசையாமல் நிற்கிறது. இடையூறு தாளின் அளவில் உள்ளது என்பதே பொருத்தமான மதிப்பீடாகத் தோன்றுகிறது.

வேறுபாட்டை வரையும் மரபு

1885இல் ராபர்ட் ஸ்மித் வெளியிட்ட வரைபட முறை இந்த இடையூறு இல்லாதது. இயந்திரத்தின் படத்தை ஒரு பக்கம் விட்டுவிட்டு, திசைவேகங்களுக்கென்று தனியாக ஒரு படம் வரைவது அதன் வழி. ஒரு நிலைப்புள்ளியிலிருந்து A-யின் திசைவேகத்தைக் கிராங்க்குக்குச் செங்குத்தாக அம்புக்கோடாக வரைந்து, அதன் நுனியிலிருந்து தண்டுக்குச் செங்குத்தான ஒரு கோட்டையும், நிலைப்புள்ளியிலிருந்து ஓட்டக்கோட்டுக்கு இணையான ஒரு கோட்டையும் இழுத்தால், இரண்டும் சந்திக்கும் இடம் பிஸ்டனின் திசைவேகத்தைத் தருகிறது. தண்டுக்குச் செங்குத்தான கோட்டின் நீளம், A-க்குச் சார்பாக B-யின் திசைவேகம். அதைத் தண்டின் நீளத்தால் வகுத்தால் தண்டின் கோணத் திசைவேகம். எந்தக் கோணத்திலும் இந்த முக்கோணம் தாளுக்குள் அடங்கும் என்பதும், அதே படத்தைத் தொடர்ந்து முடுக்கத்துக்கும் நீட்டலாம் என்பதும் இதன் இரு பெரும் வலிமைகள். இன்றைய பாடத்திட்டங்களில் இது கணச் சுழல்மையத்தைப் பின்னுக்குத் தள்ளியிருப்பதற்கு இந்த இரண்டாம் காரணமே முதன்மையானது எனலாம்.

இதற்கும் ஒரு விலை உண்டு. திசைவேகப் படம் இயந்திரத்தின் படத்தோடு வடிவில் ஒத்திருப்பதில்லை. அதைப் பார்ப்பவருக்குத் தண்டு எப்படி நகர்கிறது என்பது கண்ணில் தோன்றாது. I₁₃ஐக் குறித்தவுடன் தண்டின் எந்தப் புள்ளி வேகமானது, எது மெதுவானது, எது எத்திசையில் செல்கிறது என்பதை அளவெடுக்காமலே சொல்லிவிடலாம். மையத்துக்கு அருகிலுள்ளது மெதுவானது. ஸ்மித்தின் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் விகிதம் பிரித்துத் தனித்தனியே குறிக்க வேண்டியிருக்கிறது. இரு மரபினரும் தத்தம் வலிமையையே மேற்கோளாக்கி வாதித்து வந்ததில் கவனம் பெறாமல் போனது, முன்னரே குறித்து வைத்திருந்த ஆறாவது மையம்.

கிராங்க் அச்சுக்கு மேலே நிற்கும் புள்ளி

I₂₄ என்ற அந்த மையத்தைச் சுருக்கமாக M என்று குறிக்கலாம். அது கிராங்க்குக்கும் பிஸ்டனுக்கும் பொதுவான புள்ளி. கிராங்க்கை ஒரு பெரிய தட்டாக விரித்துக் கற்பனை செய்தால், அத்தட்டின் மீது M இருக்கும் இடத்தின் திசைவேகம் பிஸ்டனின் திசைவேகத்துக்குச் சமம். தட்டு O-வைச் சுற்றிச் சுழல்வதால் அந்தத் திசைவேகம் கிராங்க்கின் கோணத் திசைவேகத்தை OM நீளத்தால் பெருக்கியதே. எனவே பிஸ்டனின் திசைவேகத்தை அறிய I₁₃ தேவையே இல்லை. O-வில் ஒரு செங்குத்தை எழுப்பி, தண்டின் கோட்டை அதுவரை நீட்டி, OM-ஐ மட்டும் அளந்தால் போதும்.

45 டிகிரி நிலையில் OM 45.45 மி.மீ.; 157.08ஆல் பெருக்கினால் 7.14 மீட்டர். I₁₃ தந்த அதே விடை. 85 டிகிரியில், I₁₃ இரண்டரை மீட்டருக்கு அப்பால் இருக்கும்போது, M கிராங்க் அச்சுக்கு மேலே 55.9 மி.மீ. உயரத்தில் அமைதியாக நிற்கிறது. 90 டிகிரியில் அது கிராங்க் பின்னோடு ஒன்றுகிறது; முடிவுநிலைகளில் O-வோடு ஒன்றி, பிஸ்டனின் வேகம் சுழி என்கிறது. இணைப்புத்தண்டு கிராங்க்கை விட நீளமாக உள்ள எந்த என்ஜினிலும் M ஒருபோதும் முடிவிலிக்குப் போவதில்லை.

இதைவிட முக்கியமானது O, A, M ஆகிய மூன்றும் சேர்ந்து அமைக்கும் முக்கோணம். OA கிராங்க் பின்னின் திசைவேகத்தைக் குறிக்கிறது, OM பிஸ்டனின் திசைவேகத்தைக் குறிக்கிறது. எஞ்சிய AM இரண்டுக்கும் இடையிலான சார்புத் திசைவேகத்தையன்றி வேறெதையும் குறிக்க இயலாது. 45 டிகிரியில் AM 39.44 மி.மீ.; அதைக் கிராங்க்கின் கோணத் திசைவேகத்தால் பெருக்கி 234 மி.மீ.ஆல் வகுத்தால் தண்டின் கோணத் திசைவேகம் 26.48 என்றே வருகிறது. தண்டின் மூன்றில் ஒரு பங்கில் உள்ள புள்ளிக்கு AM-இல் A-யிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் ஒரு புள்ளியைக் குறித்து, O-விலிருந்து அதற்குள்ள தொலைவை அளந்தால் 48.57 மி.மீ.; பெருக்கினால் 7.63 மீட்டர். ஆக, ஸ்மித்தின் திசைவேகப் படமும் கென்னடியின் மையமும் இரு வேறு உத்திகள் அல்ல. ஸ்மித்தின் முக்கோணத்தை 90 டிகிரி திருப்பி, கிராங்க் ஆரத்தின் அளவுக்குச் சுருக்கி, இயந்திரத்தின் படத்தின் மேலேயே பொருத்தினால் கிடைப்பது OAM. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளைன் முடுக்கத்துக்காக வகுத்த புகழ்பெற்ற வரைமுறையும் இதே முக்கோணத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் பாடநூல்கள் கிளைனின் வரைமுறையை முடுக்கத்துக்கான வேறொரு அத்தியாயத்தில் வைத்துவிடுவதால், அதன் முதல் கோடு ஒரு கணச் சுழல்மையத்தைத்தான் தேடுகிறது என்பது பலர் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

OM-இன் நீளம் பிஸ்டனின் வேகம் எங்கே உச்சம் பெறுகிறது என்ற பழைய கேள்வியையும் தெளிவாக்குகிறது. கிராங்க்கும் தண்டும் செங்கோணத்தில் நிற்கும்போது உச்சம் என்று சொல்வது பட்டறைகளிலும் பாடநூல்களிலும் வழக்கம். இந்த என்ஜினில் அந்நிலை 76.8 டிகிரியில் வருகிறது. உண்மையான உச்சம் 77.4 டிகிரியை ஒட்டி விழுகிறது. இரண்டிலும் OM 56.50 மி.மீ.தான், வேறுபாடு ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு. வழக்கு விதி கண்டிப்பான உண்மை அல்ல, ஆயினும் கணக்குக்குத் தீங்கில்லாதது. உச்ச வேகம் விநாடிக்கு 8.88 மீட்டர். அது கிராங்க் பின்னின் வேகத்தை விடச் சற்று மிகுதி என்பதும், பிஸ்டனின் சராசரி வேகமான 5.5 மீட்டரைப் போல் ஏறத்தாழ 1.6 மடங்கு என்பதும் விடையைச் சரிபார்க்க உதவும் எல்லைகள்.

சமன்பாடும் அதன் பங்கும்

மூன்றாம் மரபு படத்தையே தவிர்க்கிறது. தண்டு நீளத்துக்கும் கிராங்க் ஆரத்துக்கும் உள்ள விகிதத்தை n என்றால், பிஸ்டனின் திசைவேகம்

v = ω r ( sin θ + sin 2θ / ( 2 √(n² − sin² θ) ) )

என்று கிடைக்கிறது. இங்கே n 4.25. வர்க்கமூலத்துக்குள் உள்ள சிறு உறுப்பைக் கைவிட்டு n-ஐ மட்டும் வைத்துக்கொண்டால், 45 டிகிரியில் விடை ஆயிரத்துக்கு இரண்டு பங்குதான் குறைகிறது. ஆகையால் கைக்கணக்குக்கு அந்த எளிய வடிவமே பயன்பட்டு வந்தது. அடைப்புக்குள் இருக்கும் கோவை OM-ஐக் கிராங்க் ஆரத்தால் வகுத்த எண்ணே என்பதை அறிந்தவருக்கு இச்சூத்திரம் மனப்பாடத்துக்குரிய ஒன்றாக இராது.

வரைபடம் தோற்று, சமன்பாடு வெல்லும் இடமும் உண்டு. ஆனால் அது வழக்கமாகக் குற்றம் சாட்டப்படும் 90 டிகிரி அல்ல, முடிவுநிலைகளின் அண்மை. 5 டிகிரியில் OM 5.9 மி.மீ. மட்டுமே. கூரிய பென்சிலும் அரை மில்லிமீட்டர் தவறும். அந்த நீளத்தில் அது நூற்றுக்கு எட்டுக்கு மேற்பட்ட பிழை. அதே அரை மில்லிமீட்டர் 77 டிகிரியில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. எரிபொருள் பீய்ச்சப்பட்டு எரியத் தொடங்குவது மேல் முடிவுநிலையை ஒட்டியே ஆதலால், டீசல் என்ஜினில் இந்தப் பகுதியின் துல்லியம் புறக்கணிக்கத்தக்கதல்ல.

முடுக்கத்தில் நிற்கும் எல்லை

கணச் சுழல்மையம் திசைவேகத்துக்கு மட்டுமே உரியது. இந்த எல்லையை மீறுவதால் வரும் பிழை சிறியதல்ல என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. தண்டு I₁₃ஐச் சுற்றிச் சுழல்கிறது என்றால், B-யின் முடுக்கம் கோணத் திசைவேகத்தின் வர்க்கத்தைத் தொலைவால் பெருக்கியதாக இருக்கும் என்று எண்ணத் தோன்றும். 45 டிகிரியில் அவ்வாறு கணக்கிட்டால் விநாடிக்கு விநாடி 189 மீட்டர் வருகிறது. உண்மையான மதிப்பு 964 மீட்டர். எண்ணைவிடத் திசை இன்னும் தெளிவாகக் காட்டிக்கொடுக்கிறது: பிழையான கணக்கின்படி அந்த முடுக்கம் I₁₃ஐ நோக்கி, அதாவது ஓட்டக்கோட்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், சிலிண்டர் சுவருக்குள் அடைபட்ட பிஸ்டன் அத்திசையில் முடுக்கம் பெறவே முடியாது. I₁₃-யின் திசைவேகம் அக்கணத்தில் சுழி என்பது உண்மை. அதன் முடுக்கம் சுழி அல்ல. அடுத்த கணத்தில் தண்டு வேறொரு புள்ளியைச் சுற்றிச் சுழலப் போகிறது என்பதே அதற்குக் காரணம்.

தீர்ந்தவையும் தீராதவையும்

ஒற்றைக் கிராங்க், ஒற்றைப் பிஸ்டன் கொண்ட இயங்கமைப்பைப் பொறுத்தவரை மூன்று மரபுகளுக்கும் இடையிலான கருத்து வேறுபாடு பெரும்பகுதி பாடநூல்களின் அத்தியாயப் பிரிவிலிருந்து வந்தது என்று கொள்ள இடமிருக்கிறது. OAM முக்கோணத்தை முதலில் கற்பித்து, I₁₃ஐத் தண்டின் இயக்கத்தைக் கண்முன் காட்டும் கருவியாகவும், ஸ்மித்தின் படத்தை முடுக்கத்துக்கான வாயிலாகவும், சமன்பாட்டை முடிவுநிலைகளை ஒட்டிய துல்லியத்துக்காகவும் பின்னர் சேர்ப்பது பொருத்தமான வரிசையாகத் தோன்றுகிறது. இந்த வரிசை மாணவரிடம் எவ்வளவு பலன் தரும் என்பதை வகுப்பறையில்தான் சோதித்தறிய வேண்டும்.

பல கண்ணிகள் கொண்ட சில சிக்கலான இயங்கமைப்புகளில் கென்னடி தேற்றத்தை மட்டும் கொண்டு எல்லா மையங்களையும் கண்டறிய இயலாது. அவற்றுக்குத் தனி வரைமுறைகள் இந்த நூற்றாண்டிலும் ஆய்விதழ்களில் வெளிவந்துள்ளன. அவ்வகையில் இக்களம் முழுதும் மூடப்பட்டதல்ல. இங்கே எடுத்துக்கொண்ட எளிய என்ஜினிலும் கேள்விகள் எஞ்சுகின்றன. மூட்டுகளில் இடைவெளி இல்லை, கிராங்க் ஒரே சீராகச் சுழல்கிறது என்ற இரு அனுமானங்களின் மேல்தான் மேற்கண்ட எல்லா எண்களும் நிற்கின்றன. இந்த ஒற்றைச் சிலிண்டர் என்ஜினில் ஒவ்வொரு இரண்டு சுற்றுக்கும் ஒருமுறை மட்டுமே வெடிப்பு நிகழ்வதால் ஃப்ளைவீல் இருந்தும் கிராங்க்கின் வேகம் சுற்றுக்குள்ளேயே ஏறி இறங்குகிறது. பிஸ்டன் பின் தேய்ந்த பழைய என்ஜினில், பிஸ்டனின் வேகம் சுழியைத் தொடும் முடிவுநிலையில், மூட்டிலுள்ள சிறு இடைவெளியே அப்போதைய உண்மையான இயக்கத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. அந்தக் கணத்தில் B-யைத் தண்டுக்கும் பிஸ்டனுக்கும் பொதுவான மையமாகக் கொள்வது எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இம்மூன்று முறைகளுள் எதனிடமும் விடையில்லை.